விடியற்காலையில் வெந்நீர் ஆறிப்போகிறது: பைப் இன்சுலேஷனுக்கு 13 மி.மீ. போதுமா, 25 வேண்டுமா, 50 வேண்டுமா?

குடந்தை லாட்ஜ்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பதினாலு அறை உள்ள சின்ன லாட்ஜ் நடத்துகிறோம். நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்கள்தான் பெரும்பாலும் தங்குவார்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்து படுத்து, விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு ஆறரைக்கெல்லாம் வண்டி ஏறிவிடுவார்கள். ஆகவே எங்களுக்கு வெந்நீர் வேண்டியது அந்த இரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில்தான் அது இருப்பதில்லை.

மொட்டைமாடியில் 500 லிட்டர் சோலார் ஹீட்டர் இரண்டு இருக்கிறது, கண்ணாடி ட்யூப் வகை. அங்கிருந்து ஒரு இஞ்ச் ஜி.ஐ. லைன் மூன்று மாடிக்கும் இறங்கி, சுற்றி, மறுபடி டாங்குக்கே வருகிறது. பைப்பைத் திறந்ததும் சூடாக வர வேண்டும் என்று சின்ன பம்ப் ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். போக, வர மொத்தம் 60 மீட்டர். அதில் 24 மீட்டர் மாடியில் வெயிலில் கிடக்கிறது, மீதி டக்ட்டுக்குள்.

கட்டும்போதே கறுப்பு ரப்பர் ட்யூப் 9 மி.மீ. போட்டிருந்தார்கள். நாலு வருஷத்தில் மாடியில் இருந்ததெல்லாம் வெடித்து, பொடிந்து, மீதியைக் காக்கை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. டக்ட்டில் பாதிக்கு மேல் முதலிலிருந்தே வெறும் பைப்தான், இப்போதுதான் இறங்கிப் பார்த்தேன்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 13 மி.மீ. நைட்ரைல் ரப்பர் போதும் என்கிறார். இன்னொருவர் 25க்குக் குறையக்கூடாது என்கிறார். மூன்றாமவர் 50 மி.மீ. ராக்வூல் சுற்றி மேலே அலுமினியம் ஷீட் போட்டால்தான் ஆயுள் என்கிறார். மூன்று விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எதை எடுப்பது?

தஞ்சை மெக்

சார், 25, 50 எல்லாம் போகாதீர்கள். கல்லூரியில் படித்தது இது. சின்ன பைப்பின் மேல் இன்சுலேஷன் தடிமன் ஏற ஏற, வெளிப்புறப் பரப்பும் ஏறுகிறது. ஒரு அளவுக்கு மேல் போனால் சூடு அதிகமாக வெளியேற ஆரம்பித்துவிடும். வெறும் பைப்பைவிட மோசமாகக்கூட ஆகலாம். 9 மி.மீ. சரியான தேர்வுதான், அதையே புதிதாகப் போடுங்கள்.

திருவாரூர் ராணி

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். மாடியில் இருக்கிற கறுப்பு டாங்க், சித்திரை மாதம் மதியம் பைப்பைத் திறந்தால் கையை வைக்க முடியவில்லை. பாத்திரம் தேய்க்கிற பெண் திட்டிக்கொண்டே தேய்க்கிறாள். அதற்கும் இந்த ரப்பரைச் சுற்றலாமா?

மாயவரம் ஃபிட்டர்

ராணி அம்மா, உங்களுடையது நேர் எதிர்க் கேள்வி. இவருக்குச் சூடு வெளியே போகக்கூடாது, உங்களுக்கு உள்ளே வரக்கூடாது. உங்கள் டாங்குக்கு வருவது நேரடி வெயில். அதற்கு மேலே நாலு கால் நட்டு ஒரு தகரக் கொட்டகையோ கீற்றோ போட்டு நிழல் கொடுங்கள், டாங்குக்கு வெள்ளை அடியுங்கள். கறுப்பு ரப்பர் சுற்றினால் வெயிலில் அதுவே காய்ந்து உதிரும்.

தஞ்சைத் தம்பி, நீங்கள் சொல்கிற கணக்கு உண்மைதான், ஆனால் அது மின்சார வயர் மாதிரி மெல்லிய பொருளுக்கு. எந்த ஆரத்துக்குக் கீழே அந்த விபரீதம் நடக்கும் என்பதை, இன்சுலேஷனின் கடத்தும் எண்ணை வெளிக்காற்று சூட்டை இழுக்கும் எண்ணால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். நைட்ரைலுக்கு 0.036, வெளிக்காற்றுக்குத் தோராயமாக 10. வகுத்தால் 3.6 மி.மீ. வரும். ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் ஆரமே 17 மி.மீ. ஆகிறது. அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டோம். இங்கே ஒவ்வொரு மி.மீ.யும் குறைக்கத்தான் செய்யும், ஆனால் வரவர குறைவாகக் குறைக்கும்.

எவ்வளவு குறைவாக என்பதைத்தான் லாட்ஜ் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். பைப்பில் 60 டிகிரி, வெளியே 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதிகம் வீசாத இடத்தில் வெறும் ஒரு இஞ்ச் பைப் மீட்டருக்கு 41 வாட் இழக்கும். 9 மி.மீ. போட்டால் 14. 13 போட்டால் 11 சொச்சம். 19க்கு 9. 25க்கு 8. ராக்வூலும் நைட்ரைலும் சூட்டைத் தடுப்பதில் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே 50 மி.மீ. போட்டால் ஐந்தரை.

முதல் 9 மி.மீ.யிலேயே 27 வாட் மிச்சமாகிவிட்டது. அதற்கு மேல் 16 மி.மீ. சேர்த்து 25 ஆக்கினால் கிடைப்பது வெறும் 6 வாட். மூன்றாமவர் 50 சொல்வது, நான் வேலை பார்த்த ஆலையில் நீராவி லைனுக்குப் போட்ட வழக்கம். அங்கே 150 டிகிரிக்கு மேல் ஓடும், அதற்கு அது நியாயம். குளிக்கிற தண்ணீருக்கு அது கோட்டின் மேல் கோட்டு.

ஆனால் தடிமனைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சூடு எங்கே போகிறது என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. இரண்டு ராத்திரி சோதனை செய்யுங்கள். முதல் நாள் வழக்கம்போல் பம்ப் ஓடட்டும். ராத்திரி யாரும் பைப்பைத் திறக்காத நேரமாகப் பார்த்து, ஒன்பது மணிக்கும் விடியற்காலை நாலரைக்கும் டாங்க் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பேக்கப் ஹீட்டரை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அது கணக்கைக் கெடுக்கும். இரண்டாம் நாள் பம்பை நிறுத்தி, டாங்கிலிருந்து லைனுக்குப் போகிற வால்வையும் ரிட்டர்ன் வால்வையும் மூடிவிட்டு அதே இரண்டு அளவு. ஆள் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மன்னை உழவன்

இவ்வளவு செலவு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் விறகு அடுப்பில் காய்ச்சி 300 லிட்டர் இரும்பு டிரம்மில் ஊற்றி வைப்போம். சுற்றி அரைச் செங்கல் சுவர் எழுப்பி, டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே அரை அடிக்கு உமி கொட்டியிருக்கிறேன். ராத்திரி 65 இருந்தால் காலையில் 61 இருக்கும். ஆலையில் உமி சும்மா கொடுக்கிறான். டெல்டாவில் இருந்துகொண்டு ரப்பர் வாங்குகிறோம்.

தஞ்சை மெக்

மாயவரத்து அய்யா, எண்ணைப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. அந்தப் பாடத்தில் கொடுத்த உதாரணமே வயர்தான் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

உழவன் அண்ணே, உமி நன்றாக வேலை செய்யும்தான். ஆனால் மழையில்?

மன்னை உழவன்

அதைக் கேட்காமல் இருப்பீர்களா! 2018இல் கஜா புயலில் கொட்டகைக் கூரை போய்விட்டது. உமி முழுக்க நனைந்தது. அதற்கப்புறம் காலையில் தண்ணீர் 50 டிகிரிகூட இல்லை. தோண்டிப் பார்த்தால் கீழ்ப்பாதி சேறு, எலி குட்டி போட்டிருக்கிறது, டிரம்மின் அடி முழுக்கத் துரு. டிரம்மை மாற்றி, புது உமி கொட்டி, மேலே பாலித்தீன் விரித்தேன். இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

மாயவரம் ஃபிட்டர்

உழவன் சொன்னதில் இரண்டு பாடம் இருக்கிறது. காய்ந்த உமி நைட்ரைலின் பாதி அளவுக்குச் சூட்டைத் தடுக்கும். அவர் அரை அடி கொட்டினார், அதனால் மூன்று இஞ்ச் ரப்பர் போட்ட மாதிரி ஆயிற்று. டாங்குக்கு அது முடியும், பைப்புக்கு முடியாது.

இரண்டாவது பாடம் ஈரம். இன்சுலேஷன் என்பது உள்ளே அடைபட்டு நிற்கிற காற்றுதான். அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ராக்வூலுக்கும் இதே கதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமினியம் ஷீட்டின் இடுக்கு வழியாக ஒரு தடவை தண்ணீர் இறங்கினால், பஞ்சு குடித்து வைத்துக்கொண்டு மாசி வரை பைப்பை ஊறப்போடும். வெளியே ஷீட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஜி.ஐ. பைப் அரித்துக்கொண்டிருக்கும். நைட்ரைலில் அறைகள் மூடியவை, தண்ணீர் குடிக்காது. மழை பெய்கிற மொட்டைமாடியில் நான் நைட்ரைலைத்தான் சொல்வேன். அதன் பகை வெயில். அதை மட்டும் மறைத்துவிட வேண்டும்.

குடந்தை லாட்ஜ்

அய்யா, சோதனை முடிந்தது. இரண்டு நாளும் வெளியே ஏறக்குறைய ஒரே சூடு, நடுராத்திரியில் 25.

முதல் ராத்திரி, பம்ப் ஓடியபடி: ஒன்பது மணிக்கு 58, நாலரைக்கு 46.
இரண்டாம் ராத்திரி, பம்ப் நிறுத்தி வால்வு மூடி: 58, காலையில் 55.

பார்த்ததும் திக்கென்று இருந்தது. நான் டாங்க் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாயவரம் ஃபிட்டர்

டாங்கைத் தொடாதீர்கள். அதற்குள் 50 மி.மீ. பஃப் நுரை இருக்கும், அது தன் வேலையைச் செய்கிறது. டாங்க் மட்டும் தனியாக இருந்தால் ஒரு டிகிரிதான் இறங்கும். மீதி இரண்டு டிகிரி கண்ணாடி ட்யூப் வழியாகவும் அவை சேர்கிற வாய் வழியாகவும் போகிறது. அந்த வகை ஹீட்டரில் அது சகஜம்.

இப்போது கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி இறங்கினால் 1.16 யூனிட் கரண்ட் போனதற்குச் சமம். மொத்தம் 12 டிகிரி இறங்கியது, டாங்க் பங்கு 3, ஆக லைன் தின்றது 9 டிகிரி. பத்தரை யூனிட். ஒவ்வொரு ராத்திரியும். 60 மீட்டருக்கும் ஏழரை மணி நேரத்துக்கும் பிரித்தால் மீட்டருக்குச் சராசரி 23 வாட். பெரும்பகுதி வெறும் பைப், மீதி பழைய ரப்பர் என்று நீங்கள் சொன்னதற்கு அது பொருந்துகிறது.

60 மீட்டருக்கும் 19 மி.மீ. ஒழுங்காகப் போட்டால் அதே ராத்திரியில் மூன்றரை யூனிட்தான் போகும், அதாவது 3 டிகிரி. 25 போட்டால் சுமார் 3 யூனிட். அந்த அரை யூனிட்டுக்கு மேலும் செலவு செய்யலாமா என்பதை உங்கள் கரண்ட் கட்டணத்தை வைத்து நீங்களே பாருங்கள்.

ஆனால் என் கேள்வி வேறு. ராத்திரி பத்திலிருந்து நாலு வரை அந்தத் தண்ணீர் எதற்காக ஊர்வலம் போகிறது?

வலங்கைமான் பிளம்பர்

அதே கேள்வியைத்தான் நானும் கேட்க வந்தேன். எல்லா லாட்ஜிலும் இதே கதைதான் சார். பம்ப் வைக்கிறவன் டைமர் வைக்க மாட்டான். ஒரு டைமர் போட்டு நாலு மணிக்கு ஆன், எட்டரைக்கு ஆஃப், சாயங்காலம் ஒரு இரண்டு மணி நேரம். முடிந்தது வேலை. இன்சுலேஷனே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

மாயவரம் ஃபிட்டர்

முக்கால்வாசி சரி. பம்ப் நின்றால் லைனில் இருக்கிற தண்ணீரும் இரும்பும் ஒரே ஒரு தடவை ஆறும். 60 மீட்டரில் 35 லிட்டர் தண்ணீர், கூடவே 145 கிலோ இரும்பு. காலையில் அதை மறுபடி சூடேற்ற இரண்டு யூனிட் போதும். பத்தரை எங்கே, இரண்டு எங்கே. டைமர்தான் முதல் வேலை, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நின்ற தண்ணீருக்கு இன்சுலேஷன் என்பது தாமதம்தான். வெறும் ஒரு இஞ்ச் பைப்பில் நிற்கிற வெந்நீர் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி ஆறிவிடும். 19 மி.மீ. போட்டால் அந்த நிலைக்கு வர நாலு மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரம் நின்றால் இரண்டுமே பச்சைத் தண்ணீர்தான். பம்ப் இல்லாத வீடுகளில், காலையில் ஒரு வாளி கொட்டிவிட்டுத்தான் சூடு வருகிறது என்று இன்சுலேஷனை மேலும் மேலும் தடிப்பாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து குட்டையான, மெல்லிய பைப், தடித்த ரப்பர் இல்லை.

இன்சுலேஷனே வேண்டாம் என்று பிளம்பர் தம்பி சொன்னதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. காலையில் நாலரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பம்ப் ஓடும். அப்போது வெறும் பைப் 60 மீட்டரும் சேர்ந்து இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். அது ஒரு பெரிய கீசர் அளவு சூடு, டக்ட்டுக்கும் காக்கைக்கும் போகிறது. அதுவும் ஆள் குளிக்கிற நேரத்தில்.

தஞ்சை மெக்

ஒரு விஷயம் யாருமே பேசவில்லை. ராத்திரி பூராவும் பம்பை நிறுத்தினால் லைனில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே நிற்கும். 25 முதல் 45 டிகிரிக்குள் நிற்கிற தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், ஷவர் சாரலை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரும். பெரிய ஓட்டல்களில் இதனால்தான் வெந்நீரைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மாயவரம் ஃபிட்டர்

இந்தத் தடவை நீங்கள் சொல்வது நல்ல கேள்வி, தம்பி. சுற்றிக்கொண்டே இருந்து விடியற்காலையில் 46க்கு வந்தாலும் அதே ஆபத்து ரகம்தான். டாங்கை தினமும் 60க்குக் கொண்டுபோக வேண்டும், மேகம் மூடிய நாளில் பேக்கப் ஹீட்டரால் ஆனாலும். ஆள் தங்காத அறையில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஷவரையும் பைப்பையும் சில நிமிஷம் திறந்துவிட வேண்டும். ஒருவரும் வராத வாரத்துக்கு என்ன செய்வது என்பதில் நானும் நீங்களும் உட்கார்ந்து பேசலாம்.

வலங்கைமான் பிளம்பர்

சரி, ரப்பர் போடுவதாக இருந்தால் போடுகிற முறையைச் சொல்கிறேன். நிறையப் பேர் இதில்தான் சொதப்புகிறார்கள்.

கடையில் போய் ஒரு இஞ்ச் ட்யூப் கொடு என்று கேட்காதீர்கள். ஜி.ஐ. ஒரு இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 33.7 மி.மீ., அதற்கு 35 மி.மீ. உள்விட்ட ட்யூப். சி.பி.வி.சி. ஒரு இஞ்ச் என்றால் வெளி விட்டம் 28.6 மட்டும்தான், அதற்கு 28. மாற்றிப் போட்டால் ஒன்று நடுவே சந்து விழும், அல்லது இழுத்து ஒட்டி ஒரு மாதத்தில் வாயைப் பிளக்கும்.

சூடான பைப்பின் மேல் ஒட்டவே கூடாது. லைனை மூடி, ஆறவிட்டு, துருவைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். ட்யூப்பை நீளவாக்கில் கீறி மாட்டி, கீறலின் இரண்டு முகத்திலும் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து அழுத்த வேண்டும். ஈரப்பசையோடு அழுத்தினால் பிடிக்காது. ஒவ்வொரு துண்டையும் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டி நெருக்கி வையுங்கள், சுருங்கினாலும் மூட்டு திறக்காது. கறுப்பு டேப் சுற்றி முடித்துவிடுகிறவர்கள் வேலை ஒரு வெயில்தான் தாங்கும்.

அப்புறம் க்ளாம்ப். இரும்பு க்ளாம்பைப் பைப்பின் மேலேயே இறுக்கிவிட்டு, அதைச் சுற்றி ரப்பரை வெட்டி ஒட்டுவார்கள். சுவர் வரைக்கும் சூடு போகும், அந்த இடத்தில் மழைத்தண்ணியும் உள்ளே இறங்கும். க்ளாம்ப் இடத்தில் மரக்கட்டை அல்லது கெட்டி பஃப் கட்டை வைத்து, அதன் மேல் க்ளாம்ப் போடுங்கள்.

வெயிலுக்கு மறைப்பு: அலுமினியம் ஷீட் அழகுதான், மாயவரத்தார் ஒப்புக்கொள்வார். நான் செய்கிற வழி மலிவு. 90 மி.மீ. பி.வி.சி. டிரெயின் பைப்பை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, ரப்பரின் மேல் விரித்து மாட்டி, அறுத்த வாய் கீழே பார்க்கும்படி திருப்பிவிடுவேன். 19 மி.மீ. போட்ட பிறகு மொத்தம் 72 மி.மீ. ஆகிவிடும், அதனால் 75 பைப்பில் போகாது. காக்கை கொத்த முடியாது, அணில் கடிக்க முடியாது.

மாயவரம் ஃபிட்டர்

முறை சொன்னது பொன்னான வார்த்தை. பி.வி.சி. மறைப்பில் மட்டும் எனக்குத் தயக்கம். வெயிலில் அதுவும் வெளுத்து நொறுங்கும், நாலைந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். அலுமினியம் ஷீட் போட்டால் மூட்டு வாய் பக்கவாட்டில், கீழே பார்த்த மாதிரி மடிக்க வேண்டும். மேலே பார்த்து மடித்த ஷீட் ஒரு வாய்க்கால்தான்.

இன்னொன்று, கேட் வால்வு, யூனியன், பம்பின் உடல் எல்லாவற்றையும் வெறுமனே விட்டுவிடுவார்கள், ரிப்பேருக்கு வசதி என்று. ஒரு வெறும் வால்வு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெறும் பைப்புக்குச் சமம். உங்களிடம் பத்து வால்வாவது இருக்கும். ரப்பர் ஷீட்டை வெட்டிச் சட்டை மாதிரி தைத்து, கழற்றி மாட்டும்படி கட்டுங்கள். பம்புக்கு மோட்டார் பகுதியை மூடாதீர்கள், அது காற்றில் ஆற வேண்டும்.

திருவாரூர் ராணி

நிழல் யோசனைக்கு நன்றி அய்யா. கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று. இப்போது மதியம் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற பெண் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

குடந்தை லாட்ஜ்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முகூர்த்த நாட்கள் நடுவே வந்துவிட்டன.

முதலில் டைமர் மட்டும் போட்டேன். ஒன்பது மணிக்கு 58, நாலு மணிக்கு 55, பம்ப் ஆன் ஆகி நாலரைக்கு 53. மாயவரத்தார் சொன்ன இரண்டு யூனிட் அப்படியே கண்ணில் தெரிந்தது. பேக்கப் ஹீட்டர் விடியற்காலையில் எரிவதே நின்றுவிட்டது.

அப்புறம் லைன் முழுக்க நைட்ரைல் 19 மி.மீ. போட்டோம். டக்ட்டில் 13 போதுமே என்று யோசித்தேன், ஆனால் ஒரே அளவாக வாங்கினால் மீதித் துண்டு வீணாகாது என்று பிளம்பர் சொன்னார். மாடியில் இருக்கிற 24 மீட்டருக்கு அலுமினியம் ஷீட். பி.வி.சி. மறைப்பு மலிவுதான், ஆனால் வாடிக்கையாளர்கள் மாடிக்குக் கோபுரம் பார்க்க வருவார்கள், அதனால்.

வேலை எப்படி என்று பார்க்க ஒரு ராத்திரி வேண்டுமென்றே பம்பை ஓடவிட்டேன். 58, காலையில் 51. கணக்குப்படி 52 இருக்க வேண்டுமே? கையில் பிடிக்கிற லேசர் தெர்மாமீட்டரால் ஷீட்டைச் சுட்டுப் பார்த்தால் எல்லா இடத்திலும் 26, 27தான் காட்டுகிறது. சூப்பர் என்று நினைத்தேன், பிறகு ஏன் ஒரு டிகிரி குறைகிறது?

மாயவரம் ஃபிட்டர்

அந்தக் கருவி பளபளப்பான அலுமினியத்தில் பொய் சொல்லும். ஷீட்டின் சூட்டை அது பார்க்காது, ஷீட்டில் பிரதிபலிக்கிற வானத்தையும் சுவரையும் பார்க்கும். ஷீட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, பத்து நிமிஷம் விட்டு, அந்த டேப்பின் மேல் சுட்டுப் பாருங்கள். அதுதான் நிஜம். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் ஒரு டேப் ஒட்டி நடந்து பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று நாலைந்து டிகிரி கூடினால் அங்கே மூட்டு திறந்திருக்கிறது, அல்லது க்ளாம்ப் தொடுகிறது.

ஒரு டிகிரி என்பது ராத்திரிக்கு 1.16 யூனிட், ஏழரை மணி நேரத்துக்குப் பிரித்தால் 155 வாட். ஐந்தாறு வெறும் வால்வு போதும். வால்வுகளுக்குச் சட்டை மாட்டினீர்களா?

குடந்தை லாட்ஜ்

மாட்டவில்லை அய்யா. அடுத்த வாரம் செய்கிறோம் என்று சொன்னவர் வரவே இல்லை. டேப் ஒட்டிப் பார்த்தேன். லைனில் 28, 29 வருகிறது. மூன்றாவது மாடி டக்ட் திறப்புப் பக்கம் மட்டும் 35. கழற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தலைவலி. எல்லா அறையிலும் நன்றாகச் சூடு வருகிறது, 11ஆம் நம்பர் அறையில் மட்டும் வெதுவெதுப்புத்தான். அந்த அறைக்குப் போகிற பிரிவு லைன் நாலு மீட்டர், அதற்கும் ரப்பர் போட்டாயிற்று. அந்த அறையை யாராவது பயன்படுத்துகிற நாளில் பக்கத்து 10, 12லும் புகார் வருகிறது.

தஞ்சை மெக்

அந்தப் பிரிவுக்கு 25 மி.மீ. போட்டுப் பார்க்கலாமா சார்?

வலங்கைமான் பிளம்பர்

தம்பி, ரப்பரை விடுங்கள். லாட்ஜ் சார், 11ஆம் அறையில் ஷவருக்கு மிக்சர் இருக்கிறதா? அதன் முனையில் கையில் பிடிக்கிற ஷவர் இருந்து, அதிலேயே ஒரு மூடுகிற பொத்தான் இருக்கிறதா? ஆட்கள் மிக்சரின் சூடு, பச்சை இரண்டையும் திறந்தே விட்டுவிட்டு அந்தப் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டுப் போவார்கள். உள்ளே பச்சைத் தண்ணீர் நேராக வெந்நீர் லைனுக்குள் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் பச்சைத் தண்ணீர் டாங்க் சோலாரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

குடந்தை லாட்ஜ்

ஏழடி உயரத்தில். பொத்தான் வைத்த ஷவர் அந்த அறையில் மட்டும்தான் இருக்கிறது, போன வருஷம் மாற்றினோம். இதோ போய்ப் பார்க்கிறேன்.